இரண்டு மணி அடித்தால் போகலாம்

1996இல் நான் படிவம் நான்கு மாணவி. ஜெராமிலிருந்து கிள்ளானுக்குத் தினமும் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போவேன். அந்த பஸ்ஸின் கண்டக்டரை நாங்கள் எல்லாரும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் மாலை அவர் என் பக்கத்தில் வந்து நின்று, "பாப்பா, வர்ற மாசக் கடைசியோட எனக்கு 55 முடியுது. டிப்போவில ரெண்டு வார்த்தை பேசச் சொல்றாங்க. எனக்குக் கோர்வையாப் பேச வராது. நான் சொல்றதை எழுதிக் கொடுக்கிறியா?" என்று கேட்டார்.

காப்பார் தாண்டிக் கூட்டம் குறைந்த பிறகு, நான்கு மாலைப் பயணங்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி நாளன்று பஸ் நிலையத்தில் அதைப் படித்தார். படித்து முடித்ததும் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அண்மையில் வீடு மாறியபோது அது என் பழைய பள்ளிப் பையில் கிடைத்தது. அவர் சொன்னபடியே இங்கே தருகிறேன்.

* * *

அன்பான பயணிகளே, என்னோடு வேலை செய்த நண்பர்களே, வணக்கம்.

1965இல் இந்த வேலைக்கு வந்தேன். அப்போது எனக்கு வயது 24. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வரை இந்தச் சாலையில் எத்தனை முறை போய் வந்தேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. டிக்கெட்டைத்தான் எண்ணினேன். காலையில் ஒவ்வொரு நிற டிக்கெட் கட்டிலும் மேலே இருக்கும் நம்பரைத் தாளில் எழுத வேண்டும். இரவில் மிச்சம் இருக்கும் நம்பரை எழுத வேண்டும். காலையில் 214, இரவில் 287 என்றால் 73 டிக்கெட் போயிருக்கிறது. அதற்கு உண்டான காசு பையில் இருக்க வேண்டும். குறைந்தால் என் கையிலிருந்து போகும்.

ஒரே ஒரு முறைதான் தெரிந்தே குறைய விட்டேன். அதை இன்றைக்குச் சொல்கிறேன்.

1967இல் புதிய மலேசிய வெள்ளி வந்தது. பழைய நோட்டும் கையில் புழங்கியது. இரண்டும் ஒரே மதிப்பு என்றுதான் ஜூன் மாதம் சொன்னார்கள். நவம்பரில் இங்கிலாந்தின் பவுனுக்கு மதிப்பு இறங்கியதும், அதோடு சேர்ந்து பழைய நோட்டும் இறங்கிவிட்டது. பழைய ஒரு வெள்ளி 85 காசு ஆனது. பேப்பர் படித்தவருக்கு அது தெரியும். தோட்டத்தில் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாட்டிக்கு யார் சொல்வது?

அப்படி ஒரு பாட்டி பழைய ஒரு வெள்ளி கொடுத்தார். டிக்கெட் 30 காசு. நான் 55 காசு திருப்பிக் கொடுத்தேன். பாட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, 70 இல்ல வரணும்? கெழவின்னு ஏமாத்துறியா?" என்று கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பவுன், மதிப்பு என்று விளக்கிச் சொன்னேன். "நேத்து வரைக்கும் வெள்ளி, இன்னைக்கு வெள்ளி இல்லையா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 15 காசைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, இரவு என் கையிலிருந்து போட்டேன். அடுத்த வாரம் அவருடைய பேரன் விவரம் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. பாட்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்று பஸ்ஸை மறித்தார். அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது.

இன்னொரு கணக்கு இன்னும் தீரவில்லை. அதற்காகத்தான் இந்தத் தாளையே எழுதச் சொன்னேன்.

என் வேலை டிக்கெட் கிழிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான வேலை மணி அடிப்பதுதான். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி என்றால் போகலாம். பின் வாசலில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு மணி கேட்டால், கண்டக்டர் பார்த்துவிட்டான் என்று நம்பி எடுப்பார்.

நான் வேலைக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். சம்பள நாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. புக்கிட் ரோத்தானில் ஒரு அம்மா இரண்டு கையிலும் சாமான் பையோடு இறங்கினார். ஒரு கால் தரையில் பட்டதைப் பார்த்தேன். அடுத்த கால் தானாக வந்துவிடும் என்று நினைத்து, அடுத்தவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே இரண்டு மணி அடித்துவிட்டேன். பஸ் நகர்ந்தது. அந்த அம்மா விழுந்தார். கை முறிந்தது. மூன்று மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை.

"கூட்டத்தில் நடந்தது, உன் தப்பில்லை" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் சொன்னார். என் தப்புத்தான். கை சில்லறையில் இருக்கும்போது மணிக் கயிற்றைத் தொட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து இரண்டாவது கால் தரையில் பட்டு, அவர் ஓர் அடி நகர்ந்த பிறகுதான் மணி அடித்தேன். "இந்த ஆளு பஸ்ஸு எப்பவும் லேட்டு" என்று நீங்கள் திட்டியது என் காதில் விழாமல் இல்லை. லேட்டுக்குக் காரணம் இதுதான். அந்த அம்மா இன்று நம்மோடு இல்லை. அவருடைய மகள் இங்கே வந்திருக்கிறார். அவர் முன்னால் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி என் இடத்துக்கு வேறு கண்டக்டர் வரப் போவதில்லை. டிரைவரே காசு வாங்கி, டிரைவரே கதவு மூடுவார். தம்பிகளே, அது உங்கள் தப்பில்லை, உங்களுக்கு வேலைதான் கூடுகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். சில்லறை கொடுத்து முடித்த பிறகு கண்ணாடியைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள்.

கடைசி பஸ்ஸில் தோட்டத்துச் சந்திப்பில் பெண் பிள்ளைகள் தனியாக இறங்கினால், உடனே எடுத்துவிடாதீர்கள். வீட்டு ஆள் டார்ச் லைட்டோடு வரும் வரை பஸ்ஸின் விளக்கை அந்தச் செம்பனைப் பாதையில் விட்டு வையுங்கள். நானும் அபாங்கும் அப்படித்தான் செய்தோம். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அபாங், நீங்கள் 19 வருடம் என் மணியை நம்பி வண்டி எடுத்தீர்கள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்து "சரியா?" என்று கேட்டதில்லை. நோன்பு மாதத்தில் பொழுது சாயும் நேரம் டிரிப் வந்தால், பேரீச்சம்பழத்தை நான் எடுத்துக் கொடுப்பேன். தீபாவளிக்கு முதல் நாள் என் கடைசி டிரிப்பை யாராவது மாற்றிக்கொள்ளும்படி நீங்கள் போய்க் கேட்பீர்கள். தெரிமா காசே, அபாங். மாஃப் ஸாஹிர் பாத்தின்.

பள்ளிப் பிள்ளைகளே, அரை டிக்கெட்டுக்கு முழு சீட்டில் உட்கார்ந்தீர்கள் என்று தினமும் உங்களை எழுப்பி விட்டேன். கோபம் வேண்டாம். பால்மரம் வெட்டிவிட்டு வந்து நிற்பவரின் காலை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

யாருக்காவது சில்லறை பாக்கி வைத்திருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பை என்னிடம் இருக்காது.

எல்லாரும் இறங்கியாகிவிட்டது. போகலாம்.

* * *

அவர் படித்து முடித்தபோது முதலில் யாரும் கை தட்டவில்லை. அந்த அம்மாவின் மகள்தான் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், "அங்கிள், எனக்கு 20 காசு பாக்கி!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பையைத் திறந்து, 20 காசை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அதைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இப்போது நான் கார் ஓட்டுகிறேன். அம்மாவை எங்காவது இறக்கிவிடும்போது, அவருடைய இரண்டாவது கால் தரையில் பட்டு, ஓர் அடி நகர்ந்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன்.