17-க்கும் 14-க்கும் நடுவே

ஐப்பசியில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சாலையில் ஒரு பாதியை நெல் எடுத்துக்கொண்டிருக்கும், மறுபாதியில் பேருந்து ஒதுங்கி ஒதுங்கிப் போகும். மேற்கே வானம் கறுத்தால் நாலு பேர் ஓடிவந்து நெல்லைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போடுவார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் அதே போல அம்பாரம் அம்பாரமாக நெல் காத்துக் கிடக்கும். ஈரப்பதம் பார்க்கும் மிஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டு, எண் 21 என்று வந்தால், "காய வச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள். 17-க்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழை மிஞ்சிய ஆண்டுகளில் அரசு அந்த வரம்பைத் தளர்த்துவது உண்டு. 2022 குறுவையின்போது 19 வரை அனுமதித்தார்கள்.

17 கிடைத்துவிட்டால் நெல் காய்ந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் அது வாங்குவதற்கென்று வைத்த எண். நெல்லை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமானால் ஈரப்பதம் 14-க்குள் வரவேண்டும், ஒரு வருடம் வைக்க 13. மூன்று சதவீதம் சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். பூஞ்சணத்தின் உலகம் அந்த மூன்று சதவீதத்துக்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். ஓர் ஏக்கர் குறுவையில் 40 கிலோ சிப்பமாக 60 சிப்பம் கண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,400 கிலோ. ஈரப்பதம் 21 என்றால் அதில் 504 கிலோ வெறும் தண்ணீர், மீதி 1,896 கிலோதான் உலர்ந்த நெல். இதை 14-க்குக் கொண்டுவரும்போது எடை சுமார் 2,205 கிலோவாகிவிடும். கிட்டத்தட்ட 195 லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியேற வேண்டும். 60 சிப்பம் 55 சிப்பமாகும். 17-லேயே நிறுத்திவிட்டால் 57 சிப்பம் கிடைக்கும். விற்கிறவருக்கு 17-க்கு மேல் காயவைக்க ஏன் மனம் வருவதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

கையால் அறுத்த காலத்தில் அரி அரியாக வயலில் போட்டு, அடுத்த நாள் கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடிப்பார்கள். அதற்குள் ஓரளவு ஈரம் இறங்கிவிடும். இன்றைய அறுவடை இயந்திரம் நிற்கும் பயிரை ஒரே ஓட்டில் மணியாக்கி டிராக்டரில் கொட்டிவிடுகிறது. வயலில் காய்ந்துகொள்ள நெல்லுக்கு அவகாசமே இல்லை. 20-க்கு மேற்பட்ட ஈரத்தோடு அது நேரே குவியலுக்குப் போகிறது.

குவியலுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. நெல்மணிக்கு உயிர் இருக்கிறது, அதுவும் மூச்சு விடுகிறது. மணிக்குள் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. அப்போது வெப்பமும் கரியமில வாயுவும் தண்ணீரும் வெளிவருகின்றன. ஒரு கிலோ சர்க்கரை இப்படிச் செலவானால் 600 கிராம் தண்ணீர் புதிதாக உண்டாகும். 14 சதவீதத்தில் இந்த மூச்சு மிக மெதுவானது. 20-க்கு மேல் வேகமெடுக்கும். பிறக்கும் ஈரமும் சூடும் அந்த மூச்சை இன்னும் வேகப்படுத்தும். பரத்திப் போட்ட நெல்லில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். குவித்துத் தார்ப்பாய் மூடிய நெல்லில் போக வழியில்லை. மேலே எழும் ஆவி தார்ப்பாயின் அடிப்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, மேல் நெல்லையே திரும்ப நனைக்கும். அதனால்தான் ஒரு சொட்டு மழை படாத குவியலிலும் மேல்பரப்பில் முளை கட்டுகிறது. மறுநாளே கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்புத் தெரியும். அறுவடையான 24 மணி நேரத்துக்குள் காயவைக்கத் தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வெதுவெதுப்புக்காகக் காத்திருப்பவை சேமிப்புப் பூஞ்சணங்கள். அவற்றின் வித்துகள் வயலிலும் களத்திலும் சாக்கிலும் ஏற்கெனவே இருப்பவை. ஈரம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். 14-ஐத் தாண்டியதும் வறட்சியைத் தாங்கும் சில அஸ்பெர்ஜில்லஸ் வகைகள் மெதுவாக வளரத் தொடங்கும். அவையும் மூச்சு விடுவதால் சுற்றியுள்ள ஈரம் கொஞ்சம் கூடும். அது அடுத்த வகைக்கு இடம் செய்து கொடுக்கும். ஏறத்தாழ 17, 18-ஐ எட்டும்போது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சணம் வளர ஆரம்பிக்கும். ஈரம் இன்னும் சற்று ஏறி, வெப்பம் 25-லிருந்து 35 டிகிரிக்குள் இருந்தால் அது நஞ்சும் சுரக்கும். டெல்டாவின் புரட்டாசி, ஐப்பசி வெப்பம் அதற்குள்தான் வருகிறது.

அந்த நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோதுதான் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் அது இருந்தது. நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலை பரவியது. வயிற்றில் நீர் கோத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சோளத்தில் இருந்ததும் இதே நஞ்சுதான். மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் விட நெல் பாதுகாப்பானது. இறுக்கமான உமி ஒரு கவசம் போல மணியை மூடியிருக்கிறது. அதனால் நெல்லில் இத்தகைய திடீர்ச் சாவுகளைவிட, சிறிய அளவு நஞ்சு நாள்தோறும் உடம்புக்குள் போய்ச் சேருவதே கவலைக்குரியது. அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி. தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவு. ஒரு டன் அரிசியில் இருக்கக்கூடிய மொத்த நஞ்சு, ஓர் அரிசிமணியின் எடையைவிடக் குறைவு என்று இதற்குப் பொருள்.

அஃப்ளாடாக்சின் மட்டும் அல்ல. ஈரத்தோடு வைத்த அரிசியில் பெனிசிலியம் வகைகள் வளர்ந்தால் அரிசி மஞ்சளாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் இறக்குமதி செய்த அரிசியில் இப்படி மஞ்சள் நிறம் கண்டு பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஆராய்ச்சியில்தான், சிறுநீரகத்தைத் தாக்கும் சிட்ரினின், இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும் சிட்ரியோவிரிடின் போன்ற நஞ்சுகள் மஞ்சள் அரிசியோடு தொடர்புடையவை என்று தெரியவந்தது.

இனி நாம் செய்யும் பெரிய தப்புக்கு வருவோம். பூசணம் பிடித்த நெல்லை வெயிலில் போட்டுப் புடைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அது. வெயில் பூஞ்சணத்தின் வளர்ச்சியை நிறுத்தும். அது சுரந்துவிட்டுப் போன நஞ்சு அப்படியே இருக்கும். சோறு வேகும் 100 டிகிரியிலும் குக்கரின் 120 டிகிரியிலும் அஃப்ளாடாக்சின் முழுவதுமாக அழிவதில்லை. அது சிதைய 200 டிகிரிக்கு வெகு மேலே போகவேண்டும். அரைத்துத் தீட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி தவிட்டோடு போவது அரிசிக்கு நல்லது, மாட்டுக்குக் கெட்டது. அந்தத் தவிட்டைத் தின்ற பசுவின் பாலில், சற்றே உருமாறி அது நம் வீட்டுக்கே திரும்பி வரும். "மனுசன் திங்க ஆகாது, மாட்டுக்குப் போடலாம்" என்பது இந்த விஷயத்தில் கைகொடுக்காது.

ஆக, நேரம் இருப்பது ஆரம்பத்தில் மட்டுமே. வெயில் இருக்கும் நாளில் களத்தில் தார்ப்பாய் விரித்து, இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு, அதாவது இரண்டு விரல்கட்டைக்கு மேல் போகாமல் பரத்த வேண்டும். அரைமணிக்கொரு தரம் காலாலோ பலகையாலோ கிளறிவிட வேண்டும். கிளறாவிட்டால் மேல் நெல் சூடேறி வெடிப்பு விடும், அடி நெல் ஈரமாகவே கிடக்கும். வெடித்த நெல் ஆலையில் குருணையாகிவிடும். உச்சிவெயிலில் நெல் கை பொறுக்காத சூடானால் கூட்டி நிழல் காட்டுவது நல்லது. மாலையில் பனி இறங்குமுன் மூடிவிட வேண்டும். காய்ந்த நெல் மறுபடி ஈரம் குடித்தாலும் வெடிக்கும்.

மழை விடாத வாரத்தில் விசிறி வைத்தால் போதுமா? குவியலின் சூட்டைத் தணிக்க உதவும், காயவைக்க உதவாது. காற்றின் ஈரப்பதம் 85, 90 சதவீதம் இருக்கும் நாளில் நெல் 16, 17-க்குக் கீழே இறங்கவே இறங்காது. காற்றுக்கும் நெல்லுக்கும் இடையே ஈரம் அந்த அளவில் சமன்பட்டுவிடும். அந்தக் காற்றைப் 10 டிகிரி சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், நெல்லிலிருந்து தண்ணீரை இழுக்கும் சக்தி பிறக்கும். நெல் உலர்த்தும் இயந்திரம் செய்வது இவ்வளவுதான். அது கிடைக்காத இடத்தில், நெல்லை உயரமாகக் குவிக்காமல் கூரைக்குக் கீழே மெல்லியதாகப் பரத்திக் கிளறிக்கொண்டிருப்பது வெயில் வரும்வரை நாளைத் தள்ளும்.

சாப்பாட்டுக்கென்று நாலு மூட்டை வைத்துக்கொள்ளும் வீட்டில் ஈரமானி இருக்காது. உப்புச் சோதனை செய்து பார்க்கலாம். முற்றிலும் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லும், வாணலியில் சூடாக்கி ஆறவிட்ட தூள் உப்பு இரண்டு மேசைக்கரண்டியும் போட்டு மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிக் கால்மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் ஈரப்பதம் 15-க்கு மேல். ஒட்டாவிட்டால் 15-க்குள். 14-ஆ 15-ஆ என்று அது சொல்லாது என்பதால், ஒட்டாத பிறகும் இன்னொரு வெயில் காட்டுவது உத்தமம்.

பத்தாயத்துக்குக் கால் வைத்ததும், குதிரைத் திண்டின் மேல் ஏற்றியதும் தரையின் ஈரம் ஏறாமல் இருக்கத்தான். சிமெண்டுத் தரையும் ஈரம் குடிக்கும். மூட்டைகளை மரக்கட்டை மேல், சுவரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். வேப்பிலையும் நொச்சியும் வண்டையும் அந்தையும் விரட்டும், பூஞ்சணத்தை நிறுத்தாது. இப்போது வரும் காற்றுப் புகாத பைகள் காய்ந்த நெல்லை அருமையாகக் காக்கும். ஈர நெல்லைக் கட்டி வைத்தால் உள்ளேயே புளித்து நாறும்.

மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடு, மக்கிய வாடை, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வருவது, உமி உரித்தால் உள்ளே மஞ்சளோ பழுப்போ தெரிவது, இதில் எது இருந்தாலும் அந்த மூட்டையைத் தனியே பிரித்துவிடுங்கள். இவை எதுவுமே இல்லாவிட்டாலும் நஞ்சு இல்லை என்று கண்ணால் சொல்லிவிட முடியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. அது நெல்லுக்குள் நுழையாமல் தடுக்கலாம், நுழைந்தபின் எடுக்க முடியாது. அந்த 195 லிட்டர் தண்ணீரை எத்தனை நாளுக்குள் வெளியேற்றினோம் என்பதுதான் கணக்கு.