பந்தய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துவிட்டால், பத்திரிகை அச்சுக்குப் போவது எப்போது, பந்தக்கால் நடுவது எப்போது என்று அந்த நாளிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுவோம். ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகும்போது மட்டும் பலர் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். இந்த ஞாயிறு 8 கிலோமீட்டர், அடுத்த ஞாயிறு 9, அதற்கடுத்து 10 என்று போகும். நடுவில் ஒரு பண்டிகை வரும், இரண்டு வாரம் மழை கொட்டும். கடைசியில் பந்தய நாள் நெருங்கும்போது கால்கள் 13 கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. அல்லது விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில், மிக நீண்ட ஓட்டம் பந்தயத்துக்கு முந்தின ஞாயிறில் போய் விழும். இரண்டுமே பந்தய நாளில் கால்களில் தெரியும்.

வாரத்துக்கு ஒருமுறை, பேச்சு மூச்சு முட்டாத நிதானமான வேகத்தில் ஓடும் நீண்ட ஓட்டத்தைத்தான் ஓடுபவர்கள் 'லாங் ரன்' என்கிறார்கள். 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கான 12 வாரப் பயிற்சியின் முதுகெலும்பு அதுதான். அந்தத் தேதிகளை முதலில் குறித்துவிட்டால், வாரத்தின் மற்ற ஓட்டங்கள் அவற்றுக்கு இடையே தாமாக இடம்பிடித்துக்கொள்ளும். எப்படிக் குறிப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

சென்னையில் பெரிய ஓட்டப் பந்தயம் ஜனவரித் தொடக்கத்தில் வருவது வழக்கம். அதனால் நம் பந்தயம் 2027 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 12 வாரம், அதாவது 84 நாள் பின்னோக்கிப் போனால் 2026 அக்டோபர் 11, ஞாயிறு வருகிறது. பலரும் அங்கேயே முதல் லாங் ரன்னை எழுதிவிடுவார்கள். ஆனால் அக்டோபர் 11 என்பது பயிற்சி தொடங்குவதற்கு முந்தின நாள். முதல் வாரம் 12ஆம் தேதி திங்களன்று தொடங்கி 18ஆம் தேதி ஞாயிறன்று முடிகிறது. முதல் லாங் ரன் அந்த 18ஆம் தேதிதான். பன்னிரண்டாவது வாரத்தின் ஞாயிறு பந்தயத்துக்கே போய்விடும். ஆகவே 12 வாரத் திட்டத்தில் லாங் ரன்கள் 11தான். இந்த ஒரு வார வித்தியாசத்தைக் கவனிக்காதவர்களுக்குக் கடைசியில் ஒரு வாரம் இடிக்கும்.

கணினியில் அட்டவணை போடுபவர்கள், பந்தயத் தேதியை B1 கட்டத்திலும், வார எண்களை A2 முதல் கீழ்நோக்கியும் எழுதி, B2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்துக் கீழே இழுத்தால் போதும்:

```
=$B$1-7*(12-A2)
```

பந்தயத் தேதி மாறினால் B1ஐ மட்டும் மாற்றலாம். எல்லா ஞாயிறுகளும் தாமே நகர்ந்துகொள்ளும். பந்தயம் சனிக்கிழமையில் வந்தால் இந்தச் சூத்திரம் சனிக்கிழமைகளையே தரும். சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொன்றையும் மறுநாள் ஞாயிறுக்குத் தள்ளிக்கொண்டால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

தேதிகள் கிடைத்துவிட்டன. இனித் தூரங்கள். இவற்றையும் பின்பக்கத்திலிருந்தே நிரப்ப வேண்டும்.

பந்தயத்துக்கு முந்தின இரண்டு வாரங்கள் உடல் தேறுவதற்கானவை. நீண்ட ஓட்டம் தசைநார்களில் நுண்ணிய சேதங்களை உண்டாக்குகிறது. அவை சரியாகி, ஓட்டத்தின் பலன் உடலில் சேர ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பது பயிற்சியாளர்களின் கணக்கு. இப்படிக் கடைசியில் பயிற்சியைக் குறைப்பதற்கு 'டேப்பர்' என்று பெயர். இது பற்றி வந்த பல ஆய்வுகளை லோரான் போஸ்கேயும் அவரது குழுவினரும் 2007இல் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் முழுவதும் மொத்தத் தூரத்தைப் பாதியளவு, அதாவது 41 முதல் 60 விழுக்காடு வரை, குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் இருந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்திருந்தது. ஆகவே உச்ச ஓட்டம் டிசம்பர் 20. டிசம்பர் 27இல் 10 கிலோமீட்டர் போதும்.

உச்சம் எவ்வளவு? முதல்முறை அரை மாரத்தான் ஓடுபவருக்கு 18 கிலோமீட்டர் போதுமானது. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுப்பவர் அதை ஓடி முடிக்க 2 மணி 15 நிமிடம் ஆகும். முழு 21 கிலோமீட்டரையும் பயிற்சியிலேயே ஓடினால், தேறுவதற்கு ஆகும் நாட்கள் டேப்பரைத் தின்றுவிடும். எஞ்சிய மூன்று கிலோமீட்டரைப் பந்தயத்தன்று ஓய்வெடுத்த கால்கள் பார்த்துக்கொள்ளும்.

18இலிருந்து ஒவ்வொரு படியாக எவ்வளவு இறங்கலாம் என்பதற்கும் நல்ல வழிகாட்டி ஒன்று இருக்கிறது. 2025இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 5,205 ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட, ஒரே ஓட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டி ஓடியபோது காயம் ஏற்படும் வாய்ப்பு கூடியது என்று அது காட்டியது. வாரத்தின் மொத்தத் தூரத்தை 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்ற பழைய விதியைத்தான் பலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் தேவைக்கு, ஒரே ஓட்டத்தில் கூடும் தூரத்தைப் பார்க்கும் இந்தக் கணக்கே பொருத்தம். இதன்படி 18க்கு முன்னால் 16.5, அதற்கு முன்னால் 15, பிறகு 14, 13, 12, 11, 10 என்று இறங்கலாம்.

எட்டுப் படிகள் வந்துவிட்டன. 11 ஞாயிறுகளில் டிசம்பர் 27 போக மீதி பத்து. அந்தப் பத்தில் எட்டு ஏறுவதற்கு, இரண்டு இறங்கி இளைப்பாறுவதற்கு. பொதுவாக மூன்று வாரம் ஏறி நான்காவது வாரம் குறைப்பது வழக்கம். உச்சத்திலிருந்து பின்னோக்கி அப்படியே எண்ணினால் குறைக்கும் வாரங்கள் நவம்பர் 29, நவம்பர் 1 ஆகிய நாட்களில் விழுகின்றன.

இங்கேதான் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை எண்ணெய்க் குளியல் நேரத்தில் 12 கிலோமீட்டர் ஓட யாரும் போகப்போவதில்லை. முந்தின நாள் சனிக்கிழமை பலருக்கும் ஊருக்குப் போகும் பேருந்திலோ ரயிலிலோ கழியும். ஆகவே குறைக்கும் இரண்டு வாரங்களையும் ஒரு வாரம் முன்னால் தள்ளி நவம்பர் 8, டிசம்பர் 6 என்று வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கடைசி ஏற்றத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு ஞாயிறுகளே இருக்கும். அதுவும் நல்லதுதான், உச்சத்துக்குப் போகும்போது கால்கள் அதிகம் களைத்திருக்காது. நிறைவில் கிடைக்கும் அட்டவணை இது:

1. அக்டோபர் 18: 10 கி.மீ.
2. அக்டோபர் 25: 11 கி.மீ.
3. நவம்பர் 1: 12 கி.மீ.
4. நவம்பர் 8, தீபாவளி: 9 கி.மீ. (வெள்ளிக்கிழமை காலையிலேயே முடித்துவிடலாம்)
5. நவம்பர் 15: 13 கி.மீ.
6. நவம்பர் 22: 14 கி.மீ.
7. நவம்பர் 29: 15 கி.மீ.
8. டிசம்பர் 6: 11 கி.மீ.
9. டிசம்பர் 13: 16.5 கி.மீ.
10. டிசம்பர் 20: 18 கி.மீ.
11. டிசம்பர் 27: 10 கி.மீ.
12. ஜனவரி 3: பந்தயம், 21.1 கி.மீ.

டிசம்பர் 6இல் 11 ஓடிவிட்டு அடுத்த வாரமே 16.5க்குத் தாவுவது பெரிய பாய்ச்சலாகத் தோன்றலாம். 30 நாள் கணக்கில் ஒப்பிட வேண்டியது நவம்பர் 29இல் ஓடிய 15 கிலோமீட்டரோடுதான். அதைவிட 10 விழுக்காடுதான் அதிகம்.

இனி மழை. இந்த அட்டவணையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் வருகிறது. தெருவில் தண்ணீர் தேங்கி, மூடாத பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஞாயிறாவது இருக்கும் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். முதல் வழி, சனிக்கிழமைக்கோ திங்கட்கிழமைக்கோ மாற்றுவது. அதற்கும் வழியில்லாமல் ஓட்டம் தவறிவிட்டால், பந்தயத் தேதி நகராது என்பதை மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

நவம்பர் 29இன் 15 கிலோமீட்டர் தவறியது என்று கொள்வோம். அந்த வாரம் ஓய்வு தானாகவே கிடைத்துவிட்டது. டிசம்பர் 6இல் 11க்குப் பதிலாக அந்த 15ஐ ஓடிவிட்டால் 13ஆம் தேதி வழக்கம்போல 16.5க்குப் போகலாம். குறைக்கும் வாரம் இப்படி மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் இடமாகவும் உதவுகிறது. டிசம்பர் 13 தவறினால் 20ஆம் தேதி 18 ஓடக் கூடாது. 16.5தான் ஓட வேண்டும், அதுவே உச்சமாக இருக்கட்டும். உச்ச ஓட்டமே தவறினால் அதை 27ஆம் தேதிக்குத் தள்ளும் ஆசை வரும். அதைத்தான் முக்கியமாகத் தவிர்க்க வேண்டும். பந்தயத்துக்கு ஏழு நாள் இருக்கையில் ஓடும் 18 கிலோமீட்டரின் களைப்பு பந்தயத்தன்றும் கால்களில் மிச்சமிருக்கும், பலனோ அதற்குள் முழுமையாகச் சேர்ந்திருக்காது. தவறிய ஓட்டத்தையும் அடுத்த ஓட்டத்தையும் சேர்த்து ஒரே நாளில் ஓடுவதும் எந்த வாரத்துக்கும் பொருந்தாது.

பின்னோக்கி எண்ணுவதால் கிடைக்கும் பெரிய பயன் அட்டவணையின் முதல் வரியில் இருக்கிறது. அக்டோபர் 18இல் 10 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால், அதே 10 விழுக்காட்டுக் கணக்குப்படி அதற்கு முந்தைய 30 நாட்களில் ஒருமுறையாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியிருக்க வேண்டும். இன்று 5 கிலோமீட்டரே ஓட முடிந்தவருக்கு அந்த இடத்தை அடைய ஏழெட்டு வாரம் பிடிக்கும். அவர் ஆகஸ்ட் கடைசியிலேயே ஓடத் தொடங்க வேண்டும். அக்டோபரில்தான் இதைக் கவனிக்கிறார் என்றால், அதே நாளில் பெரும்பாலும் நடக்கும் 10 கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயர் கொடுக்கலாம், அல்லது சில வாரம் தள்ளி நடக்கும் வேறொரு அரை மாரத்தானைத் தேர்ந்தெடுத்து அந்தத் தேதியை B1இல் எழுதலாம். படிகளின் உயரத்தைக் கூட்டி 12 வாரத்துக்குள் திணிப்பவருக்குப் பந்தயத்துக்கு முன்பே முழங்காலோ கெண்டைக்காலோ வலிக்கத் தொடங்கும். பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இந்த 11 ஞாயிறுகளையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். முதல் வரி உங்கள் கால்களுக்கு இன்று எட்டுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.