கப்பல்கள் யாருடையவை?

கிள்ளானிலிருந்து ஒரு பெண் சீட்டுப் பார்க்க வந்திருந்தார். நிச்சயம் முடிந்து எட்டு மாதமாகிறது. மாப்பிள்ளை பெர்த்துக்கு வேலைக்குப் போகப் போகிறார். அவர் போய் நிலைத்த பிறகுதான் கல்யாணத் தேதி, வீடு, இவருடைய வேலை எல்லாமே. "எப்போ கிளம்புவார்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கக்கா" என்றார்.

டேரோ சீட்டில் தேதி கிடையாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மூன்று சீட்டுகளை எடுக்கச் சொன்னேன். இடப்பக்கம் அவர், நடுவில் இவர், வலப்பக்கம் இருவருக்கும் இடையே இருப்பது.

நடுவில் விழுந்தது 'மூன்று கோல்கள்'. 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டில், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் அது. மலை விளிம்பில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஊன்றிய மூன்று கோல்களில் ஒன்றைப் பிடித்திருக்கிறார். தூரத்தில் கடலில் கப்பல்கள். "கப்பல் வருது, அப்போ நல்ல செய்திதானே?" என்று அவர் முகம் மலர்ந்தது.

பலரும் தடுக்கி விழும் இடம் இது. அந்தக் கப்பல்கள் வருகின்றனவா, போகின்றனவா என்று படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், சீட்டுக்கட்டை உருவாக்கிய வெயிட் தம் விளக்கத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார். அவை அங்கே நிற்பவரின் சொந்தக் கப்பல்கள். அவர் சரக்கைத்தான் சுமந்து போகின்றன. அதாவது, தன் பங்கைச் செய்துவிட்டுக் காத்திருப்பவரின் சீட்டு இது. மாப்பிள்ளையின் இடத்தில் விழுந்திருந்தால், 'அவர் வேலையை முடித்துவிட்டார், பதிலுக்குக் காத்திருக்கிறார்' என்று படிக்கலாம். இங்கே விழுந்ததோ இவருடைய இடத்தில். அப்படியானால் இவர் பார்த்துக்கொண்டிருப்பது யாருடைய கப்பலை?

மாப்பிள்ளையின் இடத்தில் 'இரண்டு கோல்கள்'. அதில் இருப்பவர் கையில் உலக உருண்டையை வைத்துக்கொண்டு கோட்டை மதில்மேல் நிற்கிறார். இன்னும் இறங்கவில்லை. யோசனைதான் நடக்கிறது. மூன்றாவதாக நாணயங்களின் குதிரைவீரன். நான்கு வீரர்களில் குதிரை அசையாமல் நிற்பது இவருக்கு மட்டும்தான்.

"அவர் விசாவுக்கு மனு போட்டுட்டாரா?" என்று கேட்டேன். போட்டிருப்பார் என்றார். போட்டிருப்பாரா, போட்டுவிட்டாரா? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

"இன்னொரு சீட்டு எடுக்கட்டுமாக்கா?" என்றார். வேண்டாம் என்றேன். மனசுக்குப் பிடித்த படம் வரும்வரை எடுத்துக்கொண்டே போனால், முதலில் வந்தது மறைந்துபோகும். அதோடு, மனு போட்டாரா என்பது சீட்டுக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்.

அன்று இரவே கேட்டிருக்கிறார். இரண்டு கம்பெனிகளிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதாம். எதற்குப் போவது என்று மாப்பிள்ளை இன்னும் முடிவெடுக்கவில்லை. மனுவும் போடவில்லை. எனக்கு வந்த குறுஞ்செய்தியில் கடைசி வரி இதுதான்: "மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்க்கா."