கோடு எங்கே சரிகிறது?

யூடியூபில் வீடியோ போடுகிறவர்கள் முதலில் தேடுவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை. அடுத்த வீடியோவில் எதை வெட்டலாம் என்று அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் கிடைக்கும் ‘ஆடியன்ஸ் ரிடென்ஷன்’ வரைபடம். இடமிருந்து வலமாக வீடியோவின் நேரம் ஓடும். ஒவ்வொரு நொடியையும் எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்பதைக் கோட்டின் உயரம் காட்டும்.

எந்த வீடியோவிலும் அந்தக் கோடு இறங்கத்தான் செய்யும். இறங்கிய இடத்தையெல்லாம் வெட்டினால் கையில் எதுவும் மிஞ்சாது. அது எப்படி இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

8 நிமிட பிரியாணி வீடியோ ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். வெங்காயம் நறுக்கும் காட்சியில் கோடு 55 சதவீதத்திலிருந்து 42-க்கு விழுகிறது. காட்சி முடிந்ததும் மறுபடி 53-க்கு ஏறிவிடுகிறது. பள்ளம் விழுந்து மேடேறினால் ஆட்கள் வெளியேறவில்லை, அந்தக் காட்சியைத் தள்ளிவிட்டார்கள் என்று பொருள். தயங்காமல் வெட்டலாம். நறுக்கிய வெங்காயத்தை 5 நொடி காட்டினால் போதும்.

ஐந்தாவது நிமிடத்தில் தம் போடும்போது கோடு 50-லிருந்து 38-க்கு விழுந்து, பிறகு ஏறவே இல்லை. இது வேறு கதை, இவர்கள் போய்விட்டார்கள். கோடு விழுந்த நொடியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய பத்து நொடியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சமைப்பவர், “20 நிமிஷம் தம்ல இருக்கட்டும், அவ்வளவுதாங்க” என்கிறார். வேலை முடிந்தது என்று கேட்டவர்கள் எழுந்துவிட்டார்கள். சோறு குழையாமல் இருக்கச் சொன்ன குறிப்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. இங்கே வெட்ட வேண்டியது தம் காட்சியை அல்ல, அந்த ‘அவ்வளவுதாங்க’வை. குறிப்பையும் தம்முக்கு முன்னால் கொண்டுவந்துவிடலாம்.

மசாலா அளவு காட்டும் இடத்தில் கோடு திடீரென்று மேலே எழும்புகிறது. பார்த்தவர்களே திரும்பப் போய்ப் பார்த்தால் இப்படி ஆகும். ரசித்தும் பார்த்திருக்கலாம். ஆனால் அளவுப் பட்டியல் திரையில் இரண்டே நொடி நின்றிருந்தால், படிக்க முடியாமல் திரும்பியிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. அங்கே நேரத்தைக் கூட்ட வேண்டும்.

வெளியிட்ட அன்றே இதையெல்லாம் முடிவு செய்ய முடியாது. தரவு வந்து சேர ஓரிரு நாள் ஆகும். சில டஜன் பேர் மட்டும் பார்த்த வீடியோவில் நாலு பேர் விலகினாலே பள்ளம் தெரியும்.

தொடக்கத்து வணக்கம், லோகோ, ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ வகையறாவை நீக்கலாமா என்பதுதான் பலரும் தயங்கும் இடம். புதியவர்களையும் வழக்கமாக வருகிறவர்களையும் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துப் பார்க்க ஸ்டுடியோவிலேயே வசதி உண்டு. முதல் 30 நொடியில் புதியவர்களின் கோடு மட்டும் செங்குத்தாக விழுந்தால், வணக்கத்தை இரண்டு நொடிக்குச் சுருக்கி, திறந்த சட்டியிலிருந்து ஆவி பறக்கும் காட்சியோடு வீடியோவை ஆரம்பித்துப் பார்க்கலாம்.