இரண்டு நாள் ஓட்டமும் வருகைப் பதிவேடும்

மாவட்டத் தடகளப் போட்டிக்குப் பள்ளியின் சார்பில் ஓடப்போகும் பத்தாம் வகுப்பு மாணவி, தலைமை ஆசிரியரிடம் விடுப்பு கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது ‘ஆன் டியூட்டி’, அதாவது அந்த நாட்களைப் பள்ளிப் பணியில் வந்த நாட்களாகப் பதிவது.

சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். குறைந்தால் சலுகை தர வாரியம் சொல்லும் காரணங்களில் தேசிய, சர்வதேசப் போட்டிகள் இருக்கின்றன. மாவட்டப் போட்டி பெயரளவில் இல்லை. அதனால் பள்ளியே அப்போதே சரியாகப் பதிவது முக்கியம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வேலை நாட்கள் 200 என்றால், 150 நாள் வர வேண்டும். காய்ச்சலால் 46 நாள் போய்விட்டது. பயிற்சிக்கு 3, போட்டிக்கு 2 என 5 நாளும் விடுப்பானால் வருகை 149, 74.5 சதவீதம். போட்டி நாட்கள் இரண்டும் ஆன் டியூட்டியானால் 151. தப்பித்தாள்!

கடிதத்தில் போட்டியின் பெயர், இடம், தேதி, கலந்துகொள்ளும் பிரிவு, உடன் செல்லும் உடற்கல்வி ஆசிரியர் ஆகிய விவரங்கள் வேண்டும். போட்டி அழைப்பின் நகலும் பெற்றோர் ஒப்புதலும் இணைய வேண்டும். வாய்மொழி அனுமதி போதாது. வகுப்பாசிரியருக்குத் தகவல் போகாவிட்டால், பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றே விழும்.

திரும்பியதும் பங்கேற்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்துவிட்டு, பதிவு திருத்தப்பட்டதா என்று அந்த வாரமே கேட்க வேண்டும்.