கட்டற்ற சுழலும் திணிப்புச் சுழலும்

பாய்மம் ஓர் அச்சைச் சுற்றி வட்டப்பாதையில் இயங்குவது சுழல் ஓட்டம் எனப்படும். நீர் நிரம்பிய உருளைப் பாத்திரத்தைச் சீராகச் சுழற்றினால், சற்று நேரத்தில் நீர் முழுவதும் திண்மப் பொருள்போல ஒரே கோணத் திசைவேகத்தில் சுழலும். இது திணிப்புச் சுழல். இதில் திசைவேகம் ஆரத்திற்கு நேர்த்தகவில் அமையும் (v = ωr). தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியும்போது, துளையைச் சுற்றி ஏறத்தாழக் கட்டற்ற சுழல் உருவாகும். புறத் திருப்புவிசை இல்லாததால் கோண உந்தம் மாறாது. எனவே திசைவேகம் ஆரத்திற்கு எதிர்த்தகவில் அமையும் (v = C/r).

நீரை வட்டப்பாதையில் செலுத்தும் மையநோக்கு விசையை அழுத்த வேறுபாடே தருகிறது (dp/dr = ρv²/r). ஆகவே ஒரே கிடைமட்டத்தில், இரு வகையிலும் மையத்திலிருந்து விலக விலக அழுத்தம் கூடும். கூடும் விதம்தான் வேறு:

திணிப்புச் சுழல்: p₂ − p₁ = ½ρ(v₂² − v₁²)
கட்டற்ற சுழல்: p₂ − p₁ = ½ρ(v₁² − v₂²)

இரு சுழல்களிலும் 10 செ.மீ. ஆரத்தில் நீரின் திசைவேகம் 1 மீ/வி எனக் கொள்வோம். 5 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை அழுத்தம் திணிப்புச் சுழலில் 375 பாஸ்கலும், கட்டற்ற சுழலில் 1500 பாஸ்கலும் உயரும். 10 செ.மீ. முதல் 20 செ.மீ. வரை இவ்வெண்கள் இடம் மாறுகின்றன: முன்னதில் 1500, பின்னதில் 375.

கட்டற்ற சுழலுக்கான சமன்பாடு பெர்னோலியின் சமன்பாடே. அதைத் திணிப்புச் சுழலில் ஆரத்தின் வழியே பயன்படுத்தினால், அழுத்தம் வெளிநோக்கிக் குறைவதாகத் தவறான விடை வரும்.

மையத்தில் r = 0 ஆகும்போது C/r முடிவிலியாகிவிடும். உண்மையில் பாகுநிலை காரணமாக நடுப்பகுதி திணிப்புச் சுழல்போலச் சுழல்கிறது. இவ்விரண்டும் இணைந்த மாதிரியே ரேங்கின் சுழல்.