உங்களுக்குத் தெரியுமா?

வெண்கலக் கைக்கடிகாரம் என்று விற்கப்படுவதன் அடிமூடி பெரும்பாலும் வெண்கலமே அல்ல! பனேராய் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'பிரான்சோ' வெண்கலக் கடிகாரத்தின் அடிமூடி டைட்டானியம். காரணம், வியர்வை பட்டால் செம்புக் கலவை தோலில் பச்சைக் கறை விடும்.

• வெண்கலத்தின் செம்பு காற்றுபட்டு முதலில் பழுப்பாகும். கடல் உப்பும் வியர்வையும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு ஏறும். ஒவ்வொருவர் கையிலும் வேறு நிறம். ரசிகர்கள் காசு கொடுப்பதே இதற்குத்தான். பிடிக்காவிட்டால் எலுமிச்சைச் சாறால் துடைத்துக் கழுவினால் போதும், ஆனால் மறுபடி ஏறும்.

• டைட்டானியத்தின் மேலும் ஆக்சைடு படலம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, துருவையும் தடுக்கும். எடை வெண்கலத்தில் ஏறக்குறைய பாதி. சுத்த டைட்டானியத்தில் கீறல் எளிதில் விழும்.

• செம்பு ஒவ்வாமை உள்ளவர்கள் வெண்கலத்தைத் தவிர்க்கவும். அடிமூடி வேறு உலோகமானாலும் பக்கவாட்டும் வார்ப்பூட்டும் தோலில் உரசும். சில வெண்கலக் கலவைகளில் நிக்கலும் உண்டு என்பதால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களும் கவனிக்கவும். நிறம் மாறாத கடிகாரம் வேண்டுவோருக்கும் வெண்கலம் ஒத்துவராது.